திரும்பி வரும் பார்சல்

பொருளைப் பெற்றுக்கொண்டு பணம் தரும் வழக்கம் புதியதன்று. 1877ஆம் ஆண்டிலேயே இந்திய அஞ்சல் துறை வி.பி.பி. முறையைத் தொடங்கிற்று. வாங்க மறுக்கப்பட்ட பார்சல் அனுப்பியவருக்கே திரும்பிய தொல்லையும் அன்றே இருந்தது. இன்று முகநூல், இன்ஸ்டாகிராம் பக்கங்களில் விற்கும் நம் சகோதரிகளை அதே தொல்லை வாட்டுகிறது.

கணக்கைப் பார்ப்போம். கோட்டைப்பட்டினத்துச் சகோதரி ஒருவர் 450 ரூபாய் அடக்கமான தொழுகை மக்கனாவை 600 ரூபாய்க்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கூரியருக்கு 70, உறைக்கு 10 போக அவருக்கு நிற்பது 70 ரூபாய். பார்சல் மறுக்கப்பட்டால் போக 70, வர 70, உறைக்கு 10 என 150 ரூபாய் நஷ்டம். பத்துப் பார்சல்களில் மூன்று திரும்பினால், ஏழில் கிடைத்த 490 ரூபாயில் 450 கரைந்து 40தான் மிஞ்சும். நான்கு திரும்பினால் கைமுதலில் 180 ரூபாய் குறையும்.

பரிகாரம், இருவழிக் கூலியான 140 ரூபாயை முன்னதாகப் பெற்றுக்கொண்டு, மீதி 460 ரூபாயை மட்டும் வீட்டு வாசலில் வசூலிப்பது. பார்சல் திரும்பினாலும் உறைக்கான பத்து ரூபாயோடு நஷ்டம் நின்றுவிடும். வாங்கும் எண்ணமில்லாதவர் தொடக்கத்திலேயே விலகிக்கொள்வார்.

இங்கே மார்க்க விஷயம் ஒன்றுண்டு. வாங்குபவர் பின்வாங்கினால் விற்பவரே முன்பணத்தை வைத்துக்கொள்ளும் ‘உர்பூன்’ முறையை ஹன்பலி மத்ஹப் அனுமதிக்கிறது. ஏனைய இமாம்களில் பெரும்பாலோர் ஏற்பதில்லை. ஆகவே, “இது அனுப்பும் கூலி; நீங்கள் மறுத்தால் ஆன செலவு இதில் கழிக்கப்படும்” என்று முன்கூட்டியே எழுதி, அவருடைய சம்மதத்தைப் பெறுங்கள். உண்மையான கூலிக்கு மேல் எடுக்க வேண்டாம். பொருளில் குறையிருந்தால் முழுவதையும் திருப்பித் தந்துவிடுங்கள். ஐயமிருப்பின் உங்கள் ஊர் ஆலிமிடம் விளக்கம் கேளுங்கள்.

அனுப்புமுன் ஒருமுறை தொலைபேசியில் பேசுங்கள். நிறம், அளவு, முகவரி, வீட்டில் ஆள் இருக்கும் நாள் ஆகியவற்றை உறுதி செய்துகொள்ளுங்கள். வீட்டாருக்குத் தெரியாமல் கேட்டவரும், கையில் பணம் இல்லாதவரும் அப்போதே தெரிந்துவிடுவர்.

கூரியர் குறிப்பில் ‘மறுத்தார்’ என்றிருப்பதை அப்படியே நம்பிவிடலாகாது. வீடு பூட்டியிருந்ததையும் சில வேளைகளில் அவ்வாறே எழுதிவிடுகிறார்கள். அன்றே வாங்குபவரை அழைத்துக் கேளுங்கள். அவர் வேண்டுமென்றால், பார்சல் திரும்பப் புறப்படுமுன் மறுநாள் மீண்டும் கொண்டுபோகும்படி கூரியர் நிலையத்தில் சொல்லலாம்.

திரும்பி வந்ததைக் கையொப்பமிடுமுன் எடையும் ஒட்டுநாடாவும் பாருங்கள். மாறியிருந்தால் அதைச் சீட்டிலேயே குறித்துவிடுங்கள். உறையைப் பிரிப்பதைத் தொடக்கம் முதல் கைப்பேசியில் படமெடுங்கள். உள்ளே பொருள் மாறியிருந்தால் அதுவே சான்று. பழுதில்லாத பொருளை அன்றே மடித்து விற்பனைக்கு வைத்துவிடுங்கள். மூலையில் கிடக்கும் மக்கனாவில் 450 ரூபாய் முடங்கிக் கிடக்கிறதல்லவா?