தண்ணீரில் போன சரக்கை எண்ணுவது எப்படி?

பிளஸ் 1 கணக்குப்பதிவியல் வகுப்பில் இறுதிச் சரக்கிருப்பு என்றதும், "கடையில் உள்ளதை எண்ணி, அடக்கவிலையால் பெருக்க வேண்டும்" என்றே சொல்லித் தந்துவந்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் பெரும்பாக்கம் நீரில் மூழ்கியது. பள்ளி திறந்த பிறகு ஒரு மாணவி கேட்டாள்: "சார், எங்க அம்மா கடையில எண்ண ஒண்ணுமே இல்ல. என்ன நஷ்டம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

தரைத்தளத்தில் இருந்த சிறிய மளிகைக் கடை அது. கொள்முதல் ரசீதுகளும் விற்பனை நோட்டும் மாடியில் இருந்ததால் தப்பின. இந்த நிலைக்கு உதவுவதுதான் சில்லறை விலை முறை. விற்பனை விலையில் மீதி இருப்பைக் கண்டு, அதை அடக்கவிலைக்கு மாற்றுவதே இதன் சாரம். அவளுடைய கணக்கைப் பாடத்துக்காக முழு எண்களாக்கித் தருகிறேன்.

நவம்பர் 1 அன்று கடையில் இருந்த சரக்கின் அடக்கவிலை ரூ.40,000, விற்பனை விலையில் ரூ.50,000. அதன் பிறகு வாங்கியது அடக்கவிலையில் ரூ.1,20,000, விற்பனை விலையில் ரூ.1,50,000. ஆக விற்பனைக்கு இருந்த மொத்தச் சரக்கு அடக்கத்தில் ரூ.1,60,000, விற்பனை விலையில் ரூ.2,00,000. முன்னதைப் பின்னதால் வகுத்தால் அடக்க விகிதம் 80 சதவீதம்.

மழைக்கு முந்தைய நாள் வரை விற்றது ரூ.1,60,000. எனவே விற்பனை விலையில் மீதி ரூ.40,000. அதில் 80 சதவீதம், அதாவது ரூ.32,000, இறுதிச் சரக்கிருப்பின் அடக்கவிலை.

அம்மா ரூ.40,000 நஷ்டம் என்று சொல்லிவந்தார். அதில் இன்னும் சம்பாதிக்காத இலாபமும் சேர்ந்திருந்தது. மாணவியோ ரூ.30,000 என்று எழுதி வந்தாள். "நூறு ரூபாய்க்கு வாங்கி நூற்று இருபத்தைந்துக்கு விற்கிறோம், அதனால 25 சதவீதம் கழிச்சேன்" என்றாள். வகுப்பில் பாதிப் பேர் இப்படித்தான் செய்தார்கள்.

அடக்கவிலையில் 25 சதவீதம் என்பது விற்பனை விலையில் 20 சதவீதம்தான். இலாபம் ரூ.25, ஒன்றில் அதை 100-ஆல் வகுக்கிறோம், மற்றதில் 125-ஆல். விடையைச் சரிபார்க்கச் சொன்னேன். ரூ.30,000-உடன் 25 சதவீதம் கூட்டினால் ரூ.37,500 தான் வருகிறது, ரூ.32,000-உடன் கூட்டினால் ரூ.40,000 வருகிறது. இலாப நட்டக் கணக்கு நடத்தும் கணித ஆசிரியர்கள், "எதன் மீது சதவீதம்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்க வைத்தால் இந்தப் பிழை மேல்வகுப்புக்கு வராது.

ஆனால் ரூ.32,000-மும் சரியான விடை இல்லை. இதை நானே தாமதமாகத்தான் கவனித்தேன். கடையில் இரண்டு வகைச் சரக்கு இருந்தது. அரிசி, பருப்பில் இலாபம் குறைவு. ஃபேன்ஸி, நோட்டுப் புத்தகங்களில் அதிகம். அரிசி, பருப்பு விற்பனைக்கு அம்மா தனி நோட்டு வைத்திருந்ததால் இரண்டையும் பிரிக்க முடிந்தது.

அரிசி, பருப்பு: அடக்கம் ரூ.1,08,000, விற்பனை விலை ரூ.1,20,000, விகிதம் 90 சதவீதம். விற்றது ரூ.1,10,000. மீதி ரூ.10,000, அதன் அடக்கவிலை ரூ.9,000.

ஃபேன்ஸி, நோட்டுப் புத்தகம்: அடக்கம் ரூ.52,000, விற்பனை விலை ரூ.80,000, விகிதம் 65 சதவீதம். விற்றது ரூ.50,000. மீதி ரூ.30,000; அதன் அடக்கவிலை ரூ.19,500.

இரண்டும் சேர்ந்து ரூ.28,500. மொத்தத் தொகைகள் அதேதான்; விடை மட்டும் ரூ.3,500 குறைந்தது. காரணம், விற்றதில் பெரும்பகுதி அரிசி. மீந்ததில் பெரும்பகுதி ஃபேன்ஸி. சராசரி 80 சதவீதம் இந்த மீதிக்குப் பொருந்தவில்லை. சரக்கிருப்பு கூடினால் மொத்த இலாபமும் அதே அளவு கூடித் தெரியும். ஒரே அளவு இலாபம் உள்ள, அடிக்கடி மாறும் ஏராளமான பொருள்களுக்கே இம்முறை ஏற்றது என்று கணக்கியல் தரநிலை 2 சொல்வதும், பெரிய கடைகள் பிரிவுவாரியாக விகிதம் காண்பதும் இதனால்தான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தீபாவளிக்கு விலை குறைத்து விற்றிருந்தால், கழித்த தள்ளுபடியையும் விற்பனையோடு சேர்த்தே மீதியைக் காண வேண்டும். ரூ.4,000 தள்ளுபடியை விட்டுவிட்டால், கடையில் இல்லாத ரூ.4,000 சரக்கு இருப்பதாகக் கணக்கு காட்டும். எலி கடித்ததும் திருடு போனதும் இப்படித்தான். இம்முறை இருக்க வேண்டியதைச் சொல்லுமே தவிர, இருப்பதைச் சொல்லாது. எண்ண முடிந்த நாளில் எண்ணி ஒப்பிட்டால்தான் வித்தியாசம் தெரியும்.

மாணவி ரூ.28,500 என்ற கணக்கைத் தாளில் எழுதி எடுத்துச் சென்றாள். மொத்த வியாபாரியிடம் தவணை கேட்கப் போகும்போது அம்மா அதைக் கொண்டுபோனாராம். இப்போது கடையில் இரண்டு விற்பனை நோட்டுகள். இரண்டும் மாடியில்தான் இருக்கின்றன.