வரைவிலிருந்து கட்டுரைக்கு – 9
சிதறால் மலையில் ஒரு பத்தி

மார்த்தாண்டத்திலிருந்து ஏழு கிலோமீட்டர் போல் போனால் சிதறால். கல்வெட்டுகளில் இதன் மலைக்குத் திருச்சாரணத்துமலை என்று பெயர். பாறை முகப்பில் தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றின் அடியில் வட்டெழுத்தில் சில பெயர்கள். பக்கத்திலேயே பகவதி கோயில். ஒரே பாறையை இரண்டு சமயத்தார் தமதென்று சொல்ல இடமிருப்பதால், இந்த ஊரைப் பற்றி எழுதப்படும் வரைவுகளில் பக்தியோடு வழக்காடலும் சேர்ந்தே வரும்.

விழா மலர்களில் பார்க்கிற நடையில் ஒரு பத்தியை நானே எழுதிக்கொண்டேன். “வானில் பறக்கும் ஆற்றல் பெற்ற சாரண முனிவர்கள் தவமியற்றிய புண்ணிய பூமி இது. பகவான் பார்சுவநாதர் இன்றும் அருள்பாலிக்கிறார். பெண்களுக்கு உலகிலேயே முதன்முதலில் உயர்கல்வி அளித்த பெருமை இம்மலைக்கே உரியது. பின்னால் வந்தவர்கள் இதைப் பகவதி கோயிலாக்கினாலும் உண்மையை மறைக்க முடியவில்லை.”

இதை ஆய்விதழுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் பலரும் செய்வது ஒன்றுதான். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் “என்று நம்பப்படுகிறது” என்று ஒட்டிவிடுவார்கள். யார் நம்புகிறார்கள், எப்போதிலிருந்து என்பது அதில் இல்லை. கல்வெட்டில் அப்பட்டமாக இருக்கும் செய்திக்கும் அதே வாலை ஒட்டினால், இருக்கும் சான்றும் ஐயத்துக்குரியதாகிவிடும். ஆகவே வாக்கியம் வாக்கியமாகப் போக வேண்டும்.

முதல் வாக்கியத்தில் நம்பிக்கைக்குச் சொந்தக்காரர் உண்டு. “சாரணர் விண்வழிச் செல்லும் ஆற்றல் உடையவர் என்பது சமண மரபு, மலையின் பெயரை அவர்களோடு இணைத்துச் சொல்வதுண்டு” என்றால் போதும். பறந்தார்களா என்ற கேள்வி கட்டுரைக்கு வெளியே போய்விடுகிறது. அதை மறுக்கவும் தேவையில்லை. இரண்டாவதில் “பகவான்”, “அருள்பாலிக்கிறார்” இரண்டும் போய், பார்சுவநாதரின் உருவம் பாறையில் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருப்பது மட்டும் நிற்கும். அதைக் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கலாம்.

மூன்றாவதுதான் சுவையானது. “உலகிலேயே முதல்” என்பதை நிறுவ உலகத்தையே ஒப்பிட வேண்டும். அதை யாரும் செய்யவில்லை, எனவே அடித்துவிடலாம். ஆனால் வாக்கியத்தை முழுதாக அடித்தால் நல்ல செய்தி ஒன்று போய்விடும். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இங்கே இருக்கிறது. அரிட்டநேமி படாரரின் மாணாக்கியான குணந்தாங்கி குரத்தி, இம்மலையின் படாரியாருக்குப் பொன் அணிகள் கொடுத்ததை அது சொல்கிறது. குரத்தி என்றால் சமணப் பெண் ஆசான். கழுகுமலைக் கல்வெட்டுகளிலும் திருச்சாரணத்துக் குரத்திகள் வருகிறார்கள். ஆக, 9–10ஆம் நூற்றாண்டளவில் இம்மலையோடு தொடர்புடைய பெண் ஆசான்கள் இருந்தார்கள் என்று தயங்காமல் எழுதலாம். இங்கே “நம்பப்படுகிறது” கூடாது. பல்கலைக்கழகம், பாடத்திட்டம், மாணவியர் எண்ணிக்கை என்று நீட்டினால் கல்வெட்டு துணைக்கு வராது. பெருமை என்ற சொல் இல்லாமலே அந்த அம்மையாரின் பெயர் போதுமான வேலையைச் செய்கிறது என்பது என் எண்ணம்.

நான்காவது வாக்கியத்தில் பெரும்பாலோர் சறுக்குவார்கள். “மறைக்க” என்ற வினைக்குள் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. அதைத் திருத்துகிறேன் என்று “அபகரிக்கப்பட்டது” என்று எழுதினால், குற்றவாளியைச் சொல்லாத குற்றச்சாட்டாகிவிடும். எதிர்த் தரப்பின் மலரில் “ஆதியிலிருந்தே பகவதி தலம்” என்று இருக்கும். நடுநிலை என்ற பெயரில் இரண்டுக்கும் பாதிப் பாதி இடம் கொடுப்பதும் தவறு. சான்று பாதிப் பாதியாக இல்லை. முந்தைய கல்வெட்டு சமணருடையது. கொல்லம் 425, அதாவது கி.பி. 1250 அளவிலான கல்வெட்டு பகவதி கோயிலுக்குக் கொடுத்த கொடையைச் சொல்கிறது. இடைப்பட்ட காலத்தில் மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. எப்படி என்பதை இந்த இரு கல்வெட்டுகளும் சொல்லவில்லை. பகை, சமரசம், மெல்ல நடந்த மாற்றம் எதையும் அவற்றிலிருந்து மட்டும் ஊகிக்க முடியாது. ஆகவே ஆண்டுகளை வரிசையாக வைத்துவிட்டு அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நான்கு வாக்கியங்களையும் கோத்தால் இப்படி வருகிறது: “சிதறால் மலையில் பார்சுவநாதர் முதலிய தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்கள் உள்ளன. சமண மரபு விண்வழிச் செல்வோராகக் கூறும் சாரணர்களோடு மலையின் பெயரை இணைப்பதுண்டு. விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில் குணந்தாங்கி குரத்தி இங்குள்ள படாரியாருக்குப் பொன் அணிகள் வழங்கினார். கி.பி. 1250 அளவில் இவ்விடம் பகவதி கோயிலாகக் குறிக்கப்படுகிறது.”

பத்தி தேறிவிட்டாலும் தலைப்பு பழையபடியே இருக்கும். “சமணத்தின் அழியாப் புகழ்: சிதறால்” என்று மேலே நின்றால் கீழே செய்ததெல்லாம் வீண். “சிதறால்: பாறைச் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும்” என்று மாற்றிவிட்டு, பிறகு படத்தின் அடிக்குறிப்பையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், “அருள்பாலிக்கும்” பெரும்பாலும் அங்கேதான் தப்பிப் பிழைத்திருக்கும்.