இன்றைய காலுக்கு இன்றைய ஷூ

பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் ஷூ கடைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு, "வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெருசாவே கொடுங்க" என்பது. சட்டைக்கும் பாவாடைக்கும் இந்தக் கணக்கு சரி. மடித்துத் தைத்து, பிறகு பிரித்துவிடலாம். ஓடியாடும் காலில் போடும் ஷூவுக்கும், அடி படாமல் காக்கும் விளையாட்டுச் சாமான்களுக்கும் இது பொருந்தாது. அவை இன்றைய அளவுக்குச் சரியாக இருந்தால்தான் காக்கும்.

தொளதொளவென்ற ஷூவில் கால் ஒவ்வொரு அடிக்கும் நகர்கிறது. ஓடிவந்து நிற்கும்போது பாதம் முன்னே சரிந்து, விரல்நுனி ஷூவின் முனையில் மோதுகிறது. இது தொடர்ந்தால் கட்டைவிரல் நகத்தின் கீழ் ரத்தம் கட்டிக் கறுத்துவிடும். குதிகால் மேலும் கீழும் உரசுவதால் கொப்புளம் வரும். பக்கவாட்டில் சட்டென்று திரும்பும்போது ஷூ ஒரு பக்கமும் பாதம் ஒரு பக்கமுமாகப் போவதால் கணுக்கால் பிசகும். சிறிய ஷூவும் கெடுதல்தான். விரல்கள் மடங்கியே இருக்கும். நகம் பக்கச் சதைக்குள் வளரத் தொடங்கும்.

ஏறக்குறைய 8 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த வயதில் குதிகால் எலும்பின் பின்பகுதி முழுதாக ஒட்டியிருக்காது. நடுவில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு இருக்கும். கெண்டைக்கால் தசையின் நாண் வந்து சேர்வது அந்தப் பின்பகுதியில்தான். எலும்பு வேகமாக நீளும் காலத்தில் தசை இறுகி, நாண் அந்த இடத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதன்மேல் கட்டாந்தரையில் ஓடிக் குதிக்கும் அதிர்ச்சியும் சேரும்போது குதிகால் வலி தொடங்குகிறது. 1912-இல் இதை விவரித்த அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் செவரின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. விளையாடி முடித்ததும் பிள்ளை நொண்டுவதும், நுனிக்காலில் நடப்பதும், குதிகாலை இரு பக்கமும் விரலால் அழுத்தினால் வலிக்கிறது என்பதும் இதன் அடையாளங்கள். எலும்பு ஒட்டியதும் இது தானே போய்விடும். அதுவரை குதிகாலுக்கு மெத்தை தராத தட்டையான ஷூ வலியைக் கூட்டும்.

காலை அளக்கச் சுவரும் ஒரு தாளும் போதும். பாதம் சற்று விரிந்திருக்கும் மாலை நேரத்தில், விளையாடும்போது போடும் அதே சாக்ஸோடு அளக்க வேண்டும். தாளைச் சுவரை ஒட்டித் தரையில் வைத்து, குதிகால் சுவரில் படும்படி பிள்ளையை அதன்மேல் நிற்கச் சொல்ல வேண்டும். உட்கார்ந்து அளந்தால் பாதம் குட்டையாகத் தெரியும். எந்த விரல் நீண்டதோ அதன் நுனியில் கோடு போட்டு, சுவரிலிருந்து கோடு வரை அளக்க வேண்டும். இரண்டு காலையும் அளந்து, பெரிய காலின் அளவை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த அளவுக்கு மேல் ஷூவுக்குள் 1 சென்டிமீட்டர், கூடிப்போனால் 1.2 சென்டிமீட்டர் இடம் இருக்கலாம். ஓடும்போது விரல்கள் நீள்வதற்கும், சில மாத வளர்ச்சிக்கும் அந்த இடம் போதும்.

10 வயதுச் சிறுமி ஒருத்திக்கு இடது கால் 21.8 சென்டிமீட்டர், வலது கால் 21.5 என்று வைத்துக்கொள்வோம். கடைகளில் பரவலாக உள்ள பிரிட்டிஷ் அளவில் பிள்ளைகளின் எண் 13 வரை போய், மறுபடி 1-இல் தொடங்கும். ஒவ்வோர் எண்ணுக்கும் சுமார் 8.5 மில்லிமீட்டர் கூடும். கணக்குப்படி எண் 1-இன் உள்நீளம் ஏறக்குறைய 22 சென்டிமீட்டர். இடது காலுக்கு 2 மில்லிமீட்டர்தான் மிஞ்சும், விரல் இடிக்கும். எண் 2-இல் 22.9 சென்டிமீட்டர் இருப்பதால் 1 சென்டிமீட்டர் மிஞ்சும். அதுதான் சரியான அளவு. அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும் என்று எண் 3 வாங்கினால் 2 சென்டிமீட்டர் அளவுக்கு வெற்றிடம் விழும். கால் உள்ளே வழுக்கும். ஆனால் ஒரே எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எனவே ஷூவின் உள்ளிருக்கும் மெத்தை அட்டையை வெளியே எடுத்து, பிள்ளையை அதன்மேல் நிற்கவைத்துப் பார்ப்பதே நம்பகமான வழி. முன்னால் 1 சென்டிமீட்டர் தெரிய வேண்டும். பக்கங்களில் பாதம் அட்டையைத் தாண்டி வழியக் கூடாது.

அளவு சரியானபின் ஷூவின் கட்டமைப்பைக் கையாலேயே சோதிக்கலாம். குதிகாலைச் சுற்றும் பின்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் அது எளிதில் மடங்கக் கூடாது. ஷூவை வளைத்தால் விரல்கள் தொடங்கும் இடத்தில் மடங்க வேண்டும்; நடுவில் மடங்கினால் பாதத்துக்குத் தாங்கல் இல்லை. இரு முனையையும் பிடித்துத் துணி பிழிவதுபோல் முறுக்கினால் ஓரளவு எதிர்த்து நிற்க வேண்டும். பி.டி. வகுப்புக்கென்று வாங்கும் பல வெள்ளைக் கேன்வாஸ் ஷூக்கள் இந்தச் சோதனைகளில் தேறாது. அணிவகுப்புக்கும் உடற்பயிற்சிக்கும் அவை போதும். தினமும் ஓட்டப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைக்குக் குதிகாலில் மெத்தையுள்ள ஓட்ட ஷூ தேவை.

தமிழ்நாட்டுப் பள்ளி மைதானங்கள் பெரும்பாலும் புல் இல்லாத இறுகிய மண். கால்பந்து ஷூவின் நீண்ட முளைகள் மென்மையான புல்தரையில் பதிவதற்கானவை. கட்டாந்தரையில் அவை பதியாமல் நிற்பதால், உடல் எடை முழுவதும் அந்தச் சில புள்ளிகள் வழியாகக் குதிகாலைக் குத்தும். இங்கே குட்டையான, எண்ணிக்கையில் அதிகமான ரப்பர் முளைகள் கொண்ட ஷூவே ஏற்றது. பூப்பந்து ஆடும் பிள்ளைக்கு ஓட்ட ஷூ ஆகாது. அதன் உயர்ந்த குதி பக்கவாட்டு அசைவில் கணுக்காலைப் புரட்டிவிடும். தாழ்ந்த, தட்டையான ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ வேண்டும்.

லேஸ் கட்டும் முறையும் அளவைப் போலவே முக்கியம். கட்டிய ஷூவை அப்படியே மாட்டிக் கழற்றும் பழக்கம் பின்பகுதியை நசுக்கிவிடும். ஒவ்வொரு முறையும் லேஸைத் தளர்த்தி, காலை நுழைத்து, குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னே தள்ளிய பிறகே இறுக்க வேண்டும்.

பாதுகாப்புச் சாமான்களிலும் பெரியதே நல்லது என்ற எண்ணம் ஏமாற்றும். கால்பந்தில் முன்னங்காலைக் காக்கும் தடுப்பு, முழங்காலுக்குச் சற்றுக் கீழிருந்து கணுக்காலுக்குச் சற்று மேல்வரை நகராமல் நிற்க வேண்டும். கிரிக்கெட் பேடில் முழங்கால், அதற்கென உள்ள மெத்தைப் பகுதிக்குள் சரியாக அமர வேண்டும். அண்ணனின் பேடைத் தம்பி கட்டினால் முழங்கால் கீழே போய்விடும். ரன் ஓடும்போது தடுக்கும்.

ஹெல்மெட்டில் இது உயிர்ப் பிரச்சினை. சிறுவர் பந்து பெரியவர் பந்தைவிடச் சிறியது. பெரியவர் ஹெல்மெட்டின் முன்விளிம்புக்கும் கம்பி வலைக்கும் இடையே உள்ள இடைவெளியில் பெரிய பந்து தடுக்கப்பட்டாலும் சிறிய பந்து நுழைந்துவிடக்கூடும். அதனால்தான் பிஎஸ் 7928:2013 என்ற பிரிட்டிஷ் தரம் இரண்டு பந்துகளுக்கும் தனித்தனிச் சோதனை வைத்திருக்கிறது. ஹெல்மெட்டின் உள்ளே ஒட்டியுள்ள சீட்டில் இந்த எண்ணும், எந்தப் பந்துக்குச் சோதித்தது என்பதும் இருக்கும். பட்டையைக் கட்டியபின் தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியே சுழலக் கூடாது. 2014 நவம்பரில் ஆஸ்திரேலிய வீரர் பிலிப் ஹியூஸ் கழுத்தில் பந்து பட்டு இறந்தபின், பின்கழுத்துக் காப்புகள் பரவலாயின. சிறுவர் ஹெல்மெட்டுக்கும் பொருந்தும் காப்புகள் கிடைக்கின்றன. பலத்த அடி வாங்கிய ஹெல்மெட்டை, வெளியே விரிசல் தெரியாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும்.

பள்ளிப் பருவத்தில் பாதம் வருஷத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வரை நீளக்கூடும். எனவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெத்தை அட்டையை எடுத்துப் பார்க்க வேண்டும். முன்னால் அரை சென்டிமீட்டருக்கும் குறைவாகத் தெரிந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஷூவை மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பார்க்கும்போது ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், அளவு பொருந்தினாலும் அது தேய்ந்துவிட்டது. தம்பி தங்கைக்கும் அதைத் தரக் கூடாது. சரியான ஷூ போட்டு, சில நாள் ஓய்வும் கொடுத்த பிறகும் குதிகால் வலி தீராவிட்டால், பாதம் வீங்கினால், அல்லது இரவில் வலி எழுப்பினால் எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.