காணொலியின் அளவும் ஒலியும்

நுழையும்முன்

கைப்பேசியில் எடுத்த காணொலியைச் சிறிதாக்க முனைவோர் பலர், படத்தோடு ஒலியின் தரத்தையும் இழந்துவிடுகின்றனர். கோப்பின் அளவு எதனால் கூடுகிறது என்பதை அறிந்தால் இவ்விழப்பைத் தவிர்க்கலாம்.

மாணவி ஒருவர் தம் பாட்டி பாடிய தாலாட்டை ஐந்து நிமிடக் காணொலியாகப் பதிவுசெய்தார். 1920×1080 படப்புள்ளிகள் கொண்ட அப்பதிவு 600 மெகாபைட் இருந்தது. பள்ளிக்கு அனுப்பவேண்டிய கோப்போ 100 மெகாபைட்டைத் தாண்டக்கூடாது. அவர் மூலப்பதிவைத் தனியே பாதுகாத்துவிட்டு, படியில் பணியைத் தொடங்கினார்.

நீளத்தைக் குறைத்தல்

செயலியில் Trim என்பதைத் தொட்டு, முன்னும் பின்னும் இருந்த வீண்பகுதிகளை நீக்கினார். பாட்டு தொடங்குமுன் பாட்டி மூச்சிழுக்கும் ஒலிக்கு அரை நொடி இடம்விட்டார். அதை ஒட்டி வெட்டினால் முதற்சொல் சிதைந்து கேட்கும். மூன்று நிமிடம் எஞ்சியது. அளவு ஏறத்தாழ 360 மெகாபைட் ஆயிற்று.

சட்டத்தைச் சுருக்குதல்

அடுத்து Crop மூலம் வெற்றுச் சுவரை விலக்கி, அகலத்திலும் உயரத்திலும் மூன்றில் இரு பங்கை வைத்துக்கொண்டார். இப்போது படத்தில் இருப்பவை 1280×720 புள்ளிகளே. இதை மீண்டும் 1080 அளவில் வெளியிட்டால், செயலி இல்லாத புள்ளிகளை இட்டு நிரப்பும், தெளிவு கூடாது. ஆகவே, 720 அளவே பொருத்தமானது.

வெளியிடுதல்

கோப்பின் அளவை முதன்மையாக முடிவுசெய்வது பிட் வீதம், அதாவது ஒரு நொடிக்குச் செலவாகும் தரவின் அளவு. வீதத்தை நொடிகளால் பெருக்கி எட்டால் வகுத்தால் அளவு கிடைக்கும். Export பகுதியில் படத்திற்கு நொடிக்கு 4 மெகாபிட் எனத் தேர்ந்தால், 180 நொடிக்கு 4×180÷8 = 90 மெகாபைட் ஆகும். ஒலிக்கு நொடிக்கு 128 கிலோபிட் அளித்தாலும் ஏறத்தாழ 3 மெகாபைட்டே கூடும். மொத்தம் 93 மெகாபைட். ஒலியின் வீதத்தைப் பாதியாக்கினாலும் மிச்சப்படுவது ஒன்றரை மெகாபைட்தான். பாட்டியின் குரலோ தேய்ந்துவிடும். எனவே, குறைக்கவேண்டியது படத்தின் வீதமே.

சரிபார்த்தல்

வெளியிட்ட காணொலியின் இறுதிப்பகுதியைக் காதொலிப்பானில் கேட்க வேண்டும். கைப்பேசிகள் பல, நொடிக்கு எடுக்கும் படங்களின் எண்ணிக்கையைச் சீராக வைப்பதில்லை. அதனால் தொடக்கத்தில் பொருந்திய உதட்டசைவும் ஒலியும் முடிவில் விலகக்கூடும். விலகியிருந்தால், நொடிக்கு 30 படங்கள் என நிலைப்படுத்தி மீண்டும் வெளியிட்டுப் பார்க்கலாம். அப்போதும் மூலப்பதிவிலிருந்தே தொடங்க வேண்டும். வெளியிட்டதையே மறுபடி வெளியிட்டால் ஒவ்வொரு முறையும் தரம் குறையும். உரையாடல் செயலிகள் காணொலியைத் தாமாகவே மேலும் சுருக்குவதால், அதனை ஆவணமாக இணைத்து அனுப்புவது நலம்.