நூறு பந்துகளும் இரண்டு குடங்களும்

ஒரு குடத்தில் நூறு பந்துகள். பக்கத்தில் இன்னொரு குடம் காலியாக இருக்கிறது. பந்துகளில் 1 முதல் 100 வரை எண் எழுதியிருக்கிறது. அதே எண்கள் எழுதிய நூறு சீட்டுகளைக் குலுக்கி ஒன்றை எடுக்க வேண்டும். அந்த எண்ணுள்ள பந்து எந்தக் குடத்தில் இருந்தாலும் அதை அடுத்த குடத்துக்கு மாற்ற வேண்டும். பிறகு சீட்டைத் திரும்பப் போட்டு மறுபடி குலுக்க வேண்டும். விதி இவ்வளவுதான். 1907-ல் இதை முன்வைத்தவர்கள் இயற்பியலாளர் பால் ஏரன்ஃபெஸ்ட்டும், அவருடைய மனைவியும் கணித அறிஞருமான தத்தியானாவும்.

பாலின் ஆசிரியர் லுட்விக் போல்ட்ஸ்மன் அதற்கு முந்தைய ஆண்டுதான் இறந்திருந்தார். வாயுவின் மூலக்கூறுகள் மோதி மோதிச் சமநிலையை நோக்கியே போகும் என்பது போல்ட்ஸ்மனின் வாதம். மூடிய ஓர் அமைப்பு என்றாவது ஒருநாள் தன் தொடக்க நிலைக்கு மிக அருகில் திரும்பியே தீரும், அப்படியிருக்க ஒரே திசையில் போகிறது என்று எப்படிச் சொல்லலாம் என 1896-ல் செர்மெலோ மடக்கியிருந்தார். இந்த இரண்டு கூற்றுகளும் ஒரே இடத்தில் உண்மையாக இருக்க முடியும் என்று காட்டத்தான் குடங்கள் வந்தன.

நூறை விட்டுவிட்டு நான்கு பந்துகளோடு பார்ப்போம். நான்கும் இடது குடத்தில் இருந்தால் முதல் சீட்டு எதுவானாலும் அங்கே மூன்றுதான் மிஞ்சும். மூன்று இருக்கும்போது, இடது குடத்துப் பந்தின் எண் வர நான்கில் மூன்று பங்கு வாய்ப்பு. ஆகவே எண்ணிக்கை இன்னும் குறையவே வாய்ப்பு அதிகம். எந்தக் குடத்தில் பந்து அதிகமோ அதிலிருந்துதான் அதிகம் வெளியேறும். நடுவை நோக்கி இழுக்கும் சக்தி என்று தனியாக ஒன்றும் இல்லை. எண்ணிக்கையே அந்த வேலையைச் செய்கிறது.

நீண்ட காலத்தில் இடது குடத்தில் எத்தனை பந்து இருக்கும்? இதற்கு விடை காண, எண்ணிக்கையை மறந்துவிட்டு எந்தப் பந்து எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு பந்துக்கும் இரண்டு இடங்கள் என்பதால் நான்கு பந்துகளுக்கு மொத்தம் 16 அமைப்புகள். எந்த அமைப்பிலிருந்தும் நான்கு சீட்டுகள் நான்கு வேறு அமைப்புகளுக்குக் கொண்டுபோகும். அதே சீட்டு மறுபடி வந்தால் போன வழியே திரும்பலாம். போகும் வழி நான்கு, வரும் வழி நான்கு, எல்லாவற்றுக்கும் ஒரே வாய்ப்பு. எனவே 16 அமைப்புகளும் காலத்தைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. எந்த அமைப்பிலிருந்தும் எந்த அமைப்புக்கும் போய்ச் சேர முடியும் என்பதால் வேறு விதமான பங்கீட்டுக்கு இடமே இல்லை.

இப்போது எண்ணிக்கைக்குத் திரும்பலாம். இடது குடம் காலியாக இருக்கும் அமைப்பு ஒன்று. ஒரு பந்து மட்டும் இருப்பவை நான்கு, இரண்டு இருப்பவை ஆறு, மூன்று இருப்பவை நான்கு, நான்கும் இருப்பது ஒன்று. 1, 4, 6, 4, 1. நாணயத்தை நான்கு முறை சுண்டினால் தலை விழும் கணக்கும் இதேதான். பள்ளிப் பாடத்தில் வரும் ஈருறுப்புப் பரவல் இதுவே.

விதியைச் சற்று மாற்றினால் இந்த அழகு குலைந்துவிடும். பந்தைக் குலுக்கலில் தேர்ந்தெடுப்பதற்குப் பதிலாக, குடத்தைத் தேர்ந்தெடுத்து அதிலிருந்து ஒரு பந்தை மாற்றுவதாகவும், குடம் காலியாக இருந்தால் சும்மா இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். நிறைந்த குடத்துக்கும் காலிக் குடத்துக்கும் இப்போது ஒரே வாய்ப்பு. நடுவை நோக்கிய சாய்வு போய்விடுகிறது. 0 முதல் 4 வரை ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் ஐந்தில் ஒரு பங்கு காலம் கிடைக்கும். கணினியில் இந்த விளையாட்டை எழுதுகிறவர்கள் இங்கே தவறினால், வரைபடம் நடுவில் மேடாகாமல் தட்டையாக வந்து காட்டிக்கொடுக்கும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. மூல விதிப்படி ஒவ்வொரு முறையும் ஒரு பந்து மாறியே தீர வேண்டும். எனவே எண்ணிக்கை இரட்டை, ஒற்றை, இரட்டை என்று மாறி மாறித்தான் வரும். நான்கில் தொடங்கினால், எத்தனை காலம் போனாலும் ஆயிரமாவது குலுக்கலின் முடிவில் மூன்று பந்து இருக்கவே முடியாது. ஆகவே 1, 4, 6, 4, 1 என்பது காலம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதைத்தான் சொல்கிறது. ஒரு குறிப்பிட்ட குலுக்கலுக்கும் அது பொருந்த வேண்டுமானால், சீட்டு எடுத்த பிறகு நாணயம் சுண்டி, தலை விழுந்தால் மட்டும் பந்தை மாற்ற வேண்டும்.

நூறு பந்துகளில் செர்மெலோவுக்கான பதில் கிடைக்கிறது. இடது குடத்தில் ஐம்பதுக்கு மேல் இருக்கும் உபரி, சராசரியாக ஒவ்வொரு குலுக்கலிலும் நூற்றுக்கு இரண்டு பங்கு கரைகிறது. நூறிலிருந்து தொடங்கினால் நூறு குலுக்கல்களுக்குப் பிறகு சராசரி 57-ஐ ஒட்டி வந்துவிடும். பிறகு பெரும்பாலான காலம் 40-க்கும் 60-க்கும் இடையிலேயே கழியும். சரியாக 50-ஐ விட்டுப் போனால் மறுபடி 50-க்கு வரச் சராசரியாக 13 குலுக்கல்கள்கூட ஆகாது. நூறும் ஒரே குடத்துக்குத் திரும்புவதும் உறுதிதான், செர்மெலோ சொன்னதில் பிழையில்லை. ஆனால் அதற்குச் சராசரியாக 2-ஐ நூறு முறை பெருக்கினால் வரும் அளவுக்குக் குலுக்கல்கள் வேண்டும். வினாடிக்கு ஒன்று வீதம் குலுக்கினால் அது 4-க்குப் பின் 22 பூஜ்யங்கள் போட்ட அத்தனை ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள்.