பில் படிக்கும் மாடலுக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

கொள்முதல் பில்லின் ஸ்கேன் பிரதியை வாங்கி, அதிலிருந்து பில் எண், தேதி, விற்றவரின் ஜிஎஸ்டி எண், வரிக்கு முந்தைய தொகை, வரி, மொத்தத் தொகை ஆகியவற்றைத் தனித்தனியே எடுத்துத் தரும் கணினி மாடல்கள் கணக்குப் பிரிவுகளில் இன்று புழக்கத்தில் இருக்கின்றன. இப்படி எடுக்கப்படும் ஒவ்வொரு தகவலுக்கும் புலம் என்று பெயர். மாடல் எவ்வளவு சரியாகப் படிக்கிறது என்பதை அறியும் வழி எளிதாகத்தான் தோன்றும். கொஞ்சம் பில்களை எடுத்து, மனிதர்களை வைத்துச் சரியான விடைகளை முன்கூட்டியே எழுதி, மாடல் தந்ததை அவற்றோடு புலம் புலமாக ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். ஆனால் எது சரி, எது தவறு, எதை எண்ணிக்கையில் சேர்ப்பது என்பதைத் தெளிவாக வரையறுக்காமல் போட்ட மதிப்பெண், மாடலின் உண்மையான நிலையை மறைத்துவிடும்.

முதல் வேலை சோதனைத் தொகுப்பைச் சேர்ப்பது. ஒரு நிறுவனத்துக்கு வரும் பில்களில் பெரும்பகுதி சில விற்பனையாளர்களிடமிருந்தே வரும். கண்ணை மூடிக்கொண்டு 200 பில்களை எடுத்தால், அவற்றில் 60 ஒரே கடையின் பில்லாக இருக்கலாம். அந்த ஒரு அச்சு அமைப்பை மாடல் நன்றாகப் படித்தாலே மதிப்பெண் உயர்ந்துவிடும். மாடலைப் பழக்கிய பில்களிலும் அதே கடை இருந்திருந்தால், மாடல் படிக்கவே இல்லை, எந்த இடத்தில் எது இருக்கும் என்று நினைவில் வைத்திருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். ஆகவே ஒரு விற்பனையாளருக்கு இத்தனை பில்தான் என்று வரம்பு வைப்பதும், மாடல் இதுவரை பார்த்திராத விற்பனையாளர்களின் பில்களைத் தனிப் பிரிவாக வைத்து அவற்றுக்குத் தனி மதிப்பெண் போடுவதும் அவசியம். புதிய விற்பனையாளரின் பில் வரும்போது என்ன நடக்கும் என்பதை அந்தத் தனி மதிப்பெண்தான் சொல்லும்.

அடுத்தது லேபிள், அதாவது மனிதர் எழுதும் சரியான விடை. ஒரே பில்லுக்கு இருவர் தனித்தனியாக விடை எழுதி, வேறுபடும் இடங்களை மூன்றாமவர் தீர்த்துவைப்பது நம்பகமான முறை. நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக மாடலின் விடையையே முன்னால் காட்டி, தவறிருந்தால் திருத்தச் சொல்வது கூடாது. எதிரில் ஒரு விடை இருந்தால் கண் அதையே ஏற்றுக்கொள்ளும். மாடலின் பிழை லேபிளிலும் ஏறிவிடும். ஒப்பிடும்போது இரண்டும் பொருந்திச் சரி என்று கணக்காகிவிடும்.

லேபிள் எழுதுவோருக்கு எழுத்தில் விதிகள் வேண்டும். ஜிஎஸ்டியில் மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனைக்கு சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்ற இரண்டு வரிகள் உண்டு. மாநிலம் விட்டு மாநிலம் விற்றால் ஐஜிஎஸ்டி என்ற ஒரே வரி. ஆனால் பல பில் புத்தகங்களில் மூன்றுக்கும் இடம் அச்சிட்டிருக்கும். உள்ளூர் பில்லில் ஐஜிஎஸ்டி இடம் சிலரிடம் காலியாக இருக்கும், சிலரிடம் ஒரு கோடு, சிலரிடம் 0.00. இதை வெற்று என்று எழுதுவதா, பூஜ்யம் என்று எழுதுவதா? எப்படி முடிவு செய்தாலும் சரிதான். ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி எழுத வேண்டும். இல்லாவிட்டால் லேபிள் எழுதியவர்களின் வேறுபாடு மாடலின் பிழையாகக் கணக்கில் வரும்.

பிறகு ஒப்பீடு. லேபிளில் 118000, மாடல் தந்தது 1,18,000.00 என்றால் அது பிழை ஆகாது. காற்புள்ளி, ரூபாய்க் குறி, கடைசிப் பூஜ்யங்கள் ஆகியவற்றை இரண்டு பக்கமும் நீக்கிவிட்டு எண்ணாக ஒப்பிட வேண்டும். பில் எண்ணில் இந்தத் தாராளம் ஆபத்து. மத்திய ஜிஎஸ்டி விதிகளின் 46ஆம் விதிப்படி பில் எண் 16 எழுத்துகளுக்கு மிகாமல் இருக்கும்; அதில் எழுத்து, இலக்கம், சிறுகோடு, சாய்கோடு எல்லாம் வரலாம். 0045 என்பதும் 45 என்பதும் ஒரே விற்பனையாளரிடம் இரண்டு வேறு பில்களாக இருக்க முடியும். எனவே பில் எண் எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் சரி. விற்பனையாளர் பெயரில் ஓர் எழுத்து பிசகினால் மன்னிக்கலாம். அடையாளத்துக்கு ஜிஎஸ்டி எண் இருக்கிறது.

தேதியில் கூடுதல் கவனம் வேண்டும். 03/04/2024 என்று அச்சிட்டிருந்தால் இந்தியாவில் அது ஏப்ரல் 3. மாதத்தை முதலில் படிக்கும் பழக்கமுள்ள மாடல் அதை மார்ச் 4 என்று எடுத்துவிடும். பில் முந்தைய நிதியாண்டின் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். இந்தப் பிழை நாள் 12க்குள் இருக்கும் தேதிகளில் மட்டும்தான் வரும். 13க்கு மேல் அதை மாதமாகப் படிக்க வழியில்லை. தேதிப் பிழைகள் அனைத்தும் மாதத்தின் முதல் 12 நாட்களிலேயே குவிந்திருந்தால், மாடலின் கண்ணில் கோளாறில்லை, அது நாளையும் மாதத்தையும் இடம் மாற்றுகிறது என்று உடனே கண்டுகொள்ளலாம்.

ஒரு புலத்தை ஒப்பிடும்போது ஐந்து முடிவுகள் வர முடியும். லேபிளிலும் மாடலிலும் ஒரே மதிப்பு. இரண்டிலும் மதிப்பு உண்டு, ஆனால் வேறு வேறு. லேபிளில் இருக்கிறது, மாடல் விட்டுவிட்டது. லேபிளில் இல்லை, மாடல் எங்கிருந்தோ கொண்டுவந்தது. கடைசியாக, இரண்டுமே வெற்று. இந்த ஐந்தாவதுதான் மதிப்பெண்ணைப் பெரும்பாலும் வீங்கவைக்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 200 பில்களில் 170 மாநிலத்துக்குள் வந்தவை, 30 வெளிமாநிலத்திலிருந்து வந்தவை என்று கொள்வோம். ஐஜிஎஸ்டி தொகை இருக்க வேண்டியது அந்த 30இல் மட்டும். மாடல் அவற்றில் 21ஐச் சரியாகப் படித்தது, 3இல் தவறான தொகை தந்தது, 6இல் ஒன்றும் தரவில்லை. உள்ளூர் பில்கள் 170இல் 165ஐ வெற்றாக விட்டது. 5இல் இல்லாத ஐஜிஎஸ்டியைச் சேர்த்தது. எல்லாவற்றையும் ஒன்றாக எண்ணினால் 21ம் 165ம் சேர்த்து 186 சரி. 200க்கு 186 என்றால் 93 சதவீதம். கேட்பவருக்குத் திருப்தியாகவே இருக்கும். ஆனால் ஐஜிஎஸ்டியை எப்போதுமே வெற்றாக விடும், எதையும் படிக்கத் தெரியாத மாடலுக்கும் இதே சோதனையில் 85 சதவீதம் கிடைக்கும்.

வெற்றுக்கு வெற்று பொருந்துவதை ஒதுக்கிவிட்டு இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இருக்க வேண்டிய மதிப்புகளில் எத்தனையை மாடல் சரியாக எடுத்தது? இதற்கு ரீகால் என்று பெயர். மாடல் தந்த மதிப்புகளில் எத்தனை சரி? இது பிரிசிஷன்.

```
recall    = 21 / (21 + 3 + 6) = 70%
precision = 21 / (21 + 3 + 5) = 72%
```

தவறான தொகை தந்த அந்த 3 பில்கள் இரண்டு கணக்கிலும் வருவதைக் கவனிக்கலாம். சரியான மதிப்பு கிடைக்கவும் இல்லை, கிடைத்தது சரியாகவும் இல்லை. 93 என்று தெரிந்த புலம் உண்மையில் 70ஐ ஒட்டி நிற்கிறது. இரண்டு எண்களையும் தனித்தனியே வைத்திருப்பது நல்லது, ஏனெனில் அவற்றின் விளைவு வேறு. விட்டுப்போன தொகை கணக்காளரின் திரையில் காலி இடமாகத் தெரியும், அவர் நிரப்பிவிடுவார். இல்லாத வரியைச் சேர்த்தால் அது சரியான எண் போலவே கணக்கில் ஏறும்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு புலம் உண்டு. ஒரே நிறுவனத்தின் கொள்முதல் பில்களில் வாங்கியவரின் ஜிஎஸ்டி எண் பெரும்பாலும் மாறாது. அந்த 15 எழுத்துகளை மனப்பாடம் செய்த மாடலுக்கு நூற்றுக்கு நூறு கிடைக்கும். அந்த நூறையும் மற்ற புலங்களோடு சேர்த்துச் சராசரி எடுத்தால் அது பலவீனமான புலங்களைத் தூக்கிக் காட்டும். எல்லாப் புலங்களுக்கும் ஒரே சராசரி சொல்வதைத் தவிர்க்க இதுவே போதுமான காரணம்.

மேலே கிடைத்த 70 சதவீதத்தையும் அப்படியே நம்பிவிட முடியாது. 200 பில்கள் இருந்தாலும் அந்தப் புலத்துக்கு உண்மையான சோதனை 30 பில்களில்தான் நடந்தது. 30க்கு 21 என்பதற்கு 95 சதவீத நம்பக இடைவெளி கணக்கிட்டால் ஏறத்தாழ 52 முதல் 83 வரை வரும். புதிய மாடல் 24 பில்களைச் சரியாகப் படித்து 80 சதவீதம் வாங்கினாலும், அது பழையதைவிட மேல் என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது. வெளிமாநில பில்களைத் தேடிச் சேர்ப்பதே இதற்கு வழி. உள்ளூர் பில்களை எத்தனை கூட்டினாலும் இந்த எண் உறுதிப்படாது.

முழு பில்லும் சரியாக வந்ததா என்பது தனிக் கேள்வி. எட்டு புலங்கள், ஒவ்வொன்றிலும் 97 சதவீதம், பிழைகள் ஒன்றையொன்று சாராமல் விழுகின்றன என்று வைத்தால், எட்டும் சரியாக வரும் பில்கள் சுமார் 78 சதவீதம்தான். நடைமுறையில் பிழைகள் மங்கலான சில பில்களிலேயே கூடி விழுவதால் எண் பெரும்பாலும் இதைவிடச் சற்று மேலே இருக்கும். இதை ஊகிக்கத் தேவையில்லை. பில் வாரியாக எண்ணினால் நேரடியாகவே கிடைக்கும்.

லேபிள் இல்லாமலே செய்யக்கூடிய சில சோதனைகளும் உண்டு. ஜிஎஸ்டி எண்ணின் கடைசி எழுத்து முந்தைய 14 எழுத்துகளிலிருந்து கணக்கிடப்படுவது. பூஜ்யத்தை ஆங்கில ஓ என்று படித்தால்கூட அது பொருந்தாமல் போய்க் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் விற்றவர் எண்ணுக்குப் பதிலாக வாங்கியவர் எண்ணை மாடல் எடுத்தால் இந்தச் சோதனை ஒன்றும் சொல்லாது, இரண்டுமே முறையான எண்கள். அந்த வகைப் பிழையைப் பிடிக்க மனிதர் எழுதிய விடை வேண்டும்.

சோதனை முடிந்ததும் மாடலும் லேபிளும் வேறுபட்ட இடங்களை ஒவ்வொன்றாகப் பில்லோடு வைத்துப் பார்ப்பது வழக்கம். சிலவற்றில் லேபிள்தான் தவறு என்று தெரியவரும். அவற்றைத் திருத்தலாம். ஆனால் வேறுபட்ட இடங்களை மட்டும் திருத்தினால் மதிப்பெண் மேல்நோக்கி மட்டுமே நகரும். லேபிளும் மாடலும் ஒரே தவறைச் செய்த இடங்கள் கண்ணுக்குத் தப்பிவிடும். ஆகவே பொருந்திய இடங்களிலும் ஒரு பகுதியைக் குலுக்கல் முறையில் எடுத்து அதே கவனத்தோடு சரிபார்க்க வேண்டும். அதன் பிறகு தொகுப்பைப் பூட்டிவைக்க வேண்டும். அதன் பிழைகளைப் பார்த்துப் பார்த்து மாடலைச் செப்பனிட்டால், அந்த 200 பில்களும் பழக்கும் பில்களாக மாறிவிடும். அடுத்த அளவீட்டுக்கு வேறு பில்கள் வேண்டியிருக்கும்.