ஒரு வேர், மூன்று வினைகள்

எபிரேய வினைச்சொல்லின் வேர் பெரும்பாலும் மூன்று மெய்களால் ஆனது. க்-த்-ல் என்ற வேரைப் பாருங்கள் (‘க’வைக் கங்கை போல ஒலிக்க வேண்டும்). ‘கதல்’ என்றால் வளர்ந்தான். இது எளிய வடிவம். உயிரொலிகளை மாற்றி ‘கிதேல்’ என்றால் பிள்ளையையோ செடியையோ வளர்த்தான். முன்னால் ‘ஹி’ சேர்த்த ‘ஹிக்தீல்’ என்றால் பெரிதாக்கினான். புகைப்படத்தைப் பெரிதாக்குவதற்கு இந்தச் சொல்தான்.

‘கிதேல்’ வடிவத்துக்கு இலக்கண நூல்களில் ‘தீவிர வடிவம்’ என்று பெயர். அதை அப்படியே நம்பினால் ‘வேகமாக வளர்ந்தான்’ என்று பிழையாகப் புரிந்துகொள்வோம். உண்மையில் இங்கே கடைசி இரண்டுமே பிறவினைகள். ஒன்றில் நாள்தோறும் பேணும் பராமரிப்பு இருக்கிறது, மற்றதில் அளவு கூடுவது மட்டுமே. இந்த வேறுபாட்டை எந்த விதியும் முன்கூட்டிச் சொல்லாது. எபிரேயம் கற்பவர்கள் வேரை மட்டும் மனப்பாடம் செய்யாமல், ஒவ்வொரு வினையையும் ஒரு வாக்கியத்தோடு சேர்த்துப் படியுங்கள்.